பத்து மணி நேரம் தூங்கியும் விடியாத காலை

எங்கள் அண்ணனுக்கு 52 வயது. வீடு பள்ளத்தூரில், எவர்சில்வர் பாத்திரக்கடை காரைக்குடியில். இரவு ஒன்பதுக்குப் படுத்து காலை ஏழுக்கு எழுவார், மதியம் ஒன்றரை மணி நேரம் தனி. அப்படியும் காலையில் தலை கல்லாகக் கனக்கும், வாய் வறண்டு கிடக்கும், கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்தபடியே கண் சொருகும். "தூக்கம் பத்தலை, இன்னும் கொஞ்சம் படுங்க" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். முதல் தவறு அதுதான்.

வயது வந்தவருக்குப் பொதுவாக ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் போதும். அதைத் தாண்டித் தூங்கியும் களைப்புத் தீராவிட்டால் தூக்கத்தின் தரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓட்டைக் குடத்தில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

இரண்டாவது, குறட்டையை நல்ல தூக்கம் என்று நினைத்தது. பழைய வீட்டில் வளவு முழுக்க அது கேட்கும். "அசந்து தூங்குறார்" என்று விட்டுவிட்டோம். ஒருநாள் அண்ணமிண்டிதான் கைப்பேசியில் பதிவு செய்து எனக்குப் போட்டுக் காட்டினார்கள். குறட்டை ஏறிக்கொண்டே போகிறது, திடீரென்று சத்தமே இல்லை. நான் எண்ணினேன், இருபத்துமூன்று வரை போனது. அப்புறம் 'க்கர்' என்று மூச்சைப் பிடுங்கி இழுக்கிற சத்தம், மறுபடியும் குறட்டை.

அந்த மௌனத்தில்தான் விஷயம். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. படுத்திருப்பவருக்கு அது நினைவில் இருக்காது, ஆனால் ஆழ்ந்த தூக்கம் ஒவ்வொரு தடவையும் அறுபடும். இதை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். உடல் பருமனும் தடித்த கழுத்தும் உள்ளவர்களுக்கு அதிகம் வரும், ஒல்லியானவர்களுக்கும் வரலாம். பெண்கள் பலருக்குக் குறட்டை அத்தனை சத்தமாக இராது, களைப்பும் காலைத் தலைவலியும்தான் முன்னால் தெரியும்.

மூன்றாவது தவறு சர்க்கரை மேல் பழி போட்டது. இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழுந்தார். மூச்சுத் திணறும்போது மார்பில் ஏற்படும் அழுத்தத்தால் இதயம் விரிந்து, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனை விடும். ஆகவே சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் எழுவது நிற்கவில்லை என்றால் இதையும் யோசிக்க வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனைகள் தேவைதான், அவையும் காலைக் கனத்துக்குக் காரணமாகும். மனச்சோர்வும் அப்படியே. ஆனால் அவை சரியாக வந்துவிட்டன என்று அதோடு நிறுத்திக்கொண்டோம். நாங்கள் செய்ததில் மிகவும் வருந்துவது இதற்குத்தான், இரண்டு வருடம் போனது.

நடுவில் யாரோ சொன்னார்கள் என்று தூக்க மாத்திரை வேறு. தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, விழித்து மூச்சை மீட்கும் அந்தக் கணத்தையும் அது தாமதப்படுத்தலாம். படுக்கும் முன் மது அருந்துவதும் அதே கதை. சளிக்குப் போடும் சில மாத்திரைகளின் மயக்கம் காலை வரை நீளும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியல் மருத்துவர் கையில் இருப்பது நல்லது.

பிள்ளையார்பட்டி தாண்டி மதுரைக்குக் கார் ஓட்டும்போது கண் சொருகி வண்டி சாலை ஓரத்து மண்ணில் இறங்கியது. அன்றுதான் பயந்து மதுரையில் மருத்துவரைப் பார்த்தோம். விரலில் ஒரு கிளிப், மூக்கில் சின்னக் குழாய், மார்பில் பட்டை, இவற்றை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஓர் இரவு படுத்தார். பதிவான ஏழு மணி நேரத்தில் மூச்சு நின்றதும் குறைந்ததுமாக 266 தடவை. மணிக்கு 38. ஐந்துக்குக் கீழ் இயல்பு, முப்பதைத் தொட்டால் கடுமை. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கம் குலைந்தால் பத்து மணி நேரம் எப்படிப் போதும்?

முகக்கவசம் வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் 'சிபேப்' கருவியைத் தந்தார்கள். மூன்றாம் நாளே "மூச்சு முட்டுது" என்று கழற்றி வீசினார், பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பார்த்தால், கவசம் பெரிய அளவு, காற்று கண் பக்கம் கசிந்தது. அளவை மாற்றி, பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது போட்டுப் பழகியதும் ஒத்துக்கொண்டது. எடை குறைந்தால் பலருக்கு இந்த எண்ணிக்கையும் குறையும், ஆனால் மருத்துவர் மறுபடியும் சோதித்துச் சொல்லும்வரை கருவியை நிறுத்தக் கூடாது.

இப்போது அண்ணன் பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறார். இரவில் எழுவது ஒருமுறை, சில நாள் அதுவும் இல்லை. கரண்ட் போனால் கருவி நின்றுவிடுகிறது என்பதால் படுக்கையறைக்கு மட்டும் தனியாக இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள்.