வீட்டில் பேசி எடுக்கும் வீடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டியூஷன், சமையல், தையல் என்று வீட்டிலிருந்தபடியே பேசி வீடியோ எடுக்கத் தொடங்குகிறவர்கள் தங்கள் முதல் பதிவை என்னிடம் காட்டுவதுண்டு. ஆட்கள் மாறுகிறார்கள்; தவறுகள் மாறுவதில்லை. லென்ஸைத் துடைக்காதது, மிக்ஸி ஓடும்போது பேசுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு முறை போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

திரையில் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. மற்ற குறைகளை எடிட்டிங்கில் ஓரளவு சரிக்கட்டலாம். இதற்கு மறுபடி எடுப்பதுதான் வழி.

எனக்குத் தெரிந்த கணக்கு ஆசிரியை ஒருவர் ஒரு பாடம் முழுவதையும் செல்பி கேமராவில் எடுத்து முடித்திருந்தார். வெளிச்சம் நன்றாக இருந்தது, குரல் தெளிவாக இருந்தது. ஆனால் அவர் நம்மிடம் பேசவில்லை. நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போனைக் கிடைமட்டமாக வைத்திருந்ததால் லென்ஸ் ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. அவர் பார்த்ததோ நடுத்திரையில் தெரிந்த தன் முகத்தை. இரண்டுக்கும் இடையே சுமார் 7 செ.மீ. அவர் உட்கார்ந்திருந்தது அரை மீட்டர் தூரத்தில். கணக்குப் போட்டால் பார்வை 8 டிகிரி விலகுகிறது. மனிதக் கண் இந்த விலகலை உடனே பிடித்துவிடும். அந்தப் பாடம் முழுவதையும் அவர் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

பக்கவாட்டு விலகல்தான் அதிகம் உறுத்தும். போனை நிமிர்த்தி வைத்தால் லென்ஸ் மேலே வந்துவிடும். பார்வை சற்றுக் கீழே இறங்கினாலும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கிடைமட்டமாக எடுத்தே தீர வேண்டுமானால், முதலில் தள்ளி உட்காருங்கள். ஒரு மீட்டருக்குப் போனால் அதே 7 செ.மீ. 4 டிகிரியாகக் குறைந்துவிடும். முகத்தை மிக அருகில் எடுக்கும்போது மூக்கு பெரிதாகத் தெரிவதும் இதனால் குறையும்.

அதைவிட நல்லது, பின்பக்கக் கேமராவுக்கு மாறுவது. திரை கண்ணில் படாது என்பதால் சபலமும் இல்லை. லென்ஸை ஒட்டி, அதை மறைக்காமல், ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அந்தப் பொட்டிடம் பேசுங்கள். வீட்டில் யாரையாவது உங்கள் நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டகத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். குறிப்புத் தாளைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். ஒரு பத்தியைப் படித்து, நிமிர்ந்து, லென்ஸைப் பார்த்துப் பேசி முடித்து, பிறகு அடுத்ததைப் படியுங்கள். இடையில் குனிந்ததை வெட்டிவிடலாம்.

போனைத் தாழ்வாக வைத்துச் சாய்ப்பது

மேஜையில் வைத்த போன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அப்போது தாடையும் மூக்குத் துவாரமும் முன்னே வர, தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. பேசும்போது உட்காரும் விதமாகவே உட்கார்ந்து, தரையிலிருந்து கண்வரை அளந்து பாருங்கள். சாதாரண நாற்காலியில் பெரும்பாலும் 110 முதல் 120 செ.மீ. வரும். லென்ஸும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். மேஜை 75 செ.மீ. என்றால் மீதியை அரிசி டப்பாவும் அதன்மேல் புத்தகங்களும் ஈடுகட்டும்.

சரியாக வந்துவிட்டதா என்பதைப் பின்னால் இருக்கும் கதவு நிலை சொல்லிவிடும். அதன் இரண்டு செங்குத்துக் கோடுகளும் மேலே நெருங்கினால் போன் அண்ணாந்திருக்கிறது. கீழே நெருங்கினால் குனிந்திருக்கிறது.

ஜன்னலுக்கு முதுகு காட்டுவது

வேண்டாம். முகம் கறுத்துவிடும்.

ஜன்னலுக்குப் பக்கவாட்டில், மிக நெருங்கி உட்காருவது

ஒரு கன்னம் வெளுத்து, மறு கன்னம் இருட்டில் போய்விடும். ஜன்னலை விட்டு விலக விலக இரு கன்னங்களுக்கும் உள்ள வேறுபாடு குறையும். எனவே ஒன்றரை மீட்டர் தள்ளி, ஜன்னல் உங்களுக்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும்படி நாற்காலியைத் திருப்புங்கள். அதற்குப் பிறகும் நிழல் கனமாக இருந்தால், இருண்ட பக்கத்தில் சட்டகத்துக்கு வெளியே இன்னொரு நாற்காலியை வைத்து வெள்ளை வேட்டியை விரித்துப் போடுங்கள். கண்ணுக்குக் கீழே உள்ள கருமை இளகும். வெயில் நேராக விழும் கிழக்கு ஜன்னலில் காலையில் எடுப்பதாக இருந்தால், மெல்லிய வேட்டியை ஜன்னலிலேயே கட்டிவிடலாம்.

பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பு

அணைத்துவிடுங்கள். முகம் இரண்டு நிறமாகும்.

வெளிச்சத்தைப் பூட்டாமல் பேசத் தொடங்குவது

மேகம் கடக்கும்போதும், நீங்கள் வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டும்போதும் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். படம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். நாற்காலியில் ஆளை உட்காரவைத்திருக்கும்போதே திரையில் அவர் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் `AE/AF LOCK` என்று மஞ்சளில் தெரியும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டுக் குறி வரும். இது குவியத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவதால், அதன்பின் நாற்காலியை நகர்த்தினால் மறுபடி அழுத்த வேண்டும்.