‘மில்லினியல்’ என்ற முத்திரையால் நேரும் தவறுகள்

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லினியல்கள் என வரையறுத்திருந்தது. இத்தகைய முத்திரைகளைக் கைவிடுமாறு 2021இல் சமூகவியலாளர் ஃபிலிப் கோஹன் அந்த மையத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். மக்கள்தொகையியலாளர்களும் பிற சமூக அறிவியலாளர்களுமாக 150க்கும் மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர். அவர்களுடைய கவலை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இந்த எல்லைகள் தரவுகளிலிருந்து தாமாகக் கிடைத்தவை என எண்ணுவதுதான் முதல் தவறு. 1996 டிசம்பரில் பிறந்தவரையும் 1997 ஜனவரியில் பிறந்தவரையும் இரு வேறு இயல்பினராகப் பிரிக்கும் நிகழ்வு எதுவுமில்லை. அதேவேளை, ஒரே முத்திரைக்குள் எவ்வளவு பெரிய இடைவெளி மறைந்துகிடக்கிறது என்பதைப் பாருங்கள். 22 வயதில் பட்டம் பெற்றார்கள் என்று கொண்டால், 1987இல் பிறந்த அமெரிக்கர், வேலையின்மை பத்து விழுக்காட்டைத் தொட்ட 2009இல் வேலை தேடத் தொடங்கியிருப்பார். 1996இல் பிறந்தவரோ, அது நான்கு விழுக்காட்டை ஒட்டியிருந்த 2018இல்தான் சந்தைக்கு வந்திருப்பார். கல்லூரிக்கே செல்லாதவர்களின் நிலை இவ்விருவரிடமிருந்தும் வேறானது. இவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரி, இவர்களில் எவருடைய வாழ்க்கையையும் காட்டுவதில்லை.

இதைவிட அடிக்கடி நிகழ்வது வயதைத் தலைமுறை என மயங்குவது. ஒரே ஆண்டில் எடுத்த கருத்துக்கணிப்பில், மில்லினியல்களிடையே சொந்த வீடு வைத்திருப்போர் குறைவு என்று தெரியவந்தால், அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: அவர்கள் இன்னும் இளையவர்கள், அக்காலத்தில் வீட்டு விலை எல்லோருக்குமே உயர்ந்திருந்தது, அல்லது அவர்கள் பிறந்த காலமே அவர்களை வேறுபடுத்தியது. பிறந்த ஆண்டு என்பது கணக்கெடுத்த ஆண்டிலிருந்து வயதைக் கழித்துப் பெறுவதாகையால், இவற்றில் இரண்டு தெரிந்தாலே மூன்றாவதும் முடிவாகிவிடுகிறது. எனவே இந்த மூன்று காரணங்களின் விளைவுகளையும் வெறும் புள்ளியியலால் முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. கூடுதல் ஊகங்கள் தேவைப்படும். ஒரே ஒரு கணிப்பை வைத்துக்கொண்டு “இந்தத் தலைமுறை வீடு வாங்க விரும்பவில்லை” என்று எழுதுபவர், முதற்காரணத்தைக்கூட விலக்காமலே மூன்றாவதை அறிவித்துவிடுகிறார்.

இன்றைய முப்பது வயதினரை இன்றைய அறுபது வயதினரோடு ஒப்பிடாமல், அந்த மூத்தவர்கள் முப்பது வயதில் இருந்தபோது எடுத்த கணிப்போடு ஒப்பிட வேண்டும். இதற்கு ஒரே கேள்வியைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த தரவு வேண்டும். பல தலைப்புகளில் அது கிடையாது. ஒரே வாழ்க்கைக் கட்டத்தில் ஒப்பிடத்தக்க பழைய தரவு இருந்தால் மட்டுமே தலைமுறைப் பகுப்பாய்வு செய்வதாக 2023இல் பியூ மையமும் அறிவித்தது. அத்தகைய தரவு இல்லாதபோது ‘30 முதல் 34 வயதினர்’ என்றோ, ‘1980களில் பிறந்தவர்கள்’ என்றோ எழுதி, கல்வியும் வருமானமும் வாரியாகப் பிரித்துக் காட்டலாம்.