பூஸ்ட் பட்டனை அழுத்தும் முன் மார்ஜின் கணக்கில் நடக்கும் தவறுகள்

புதிதாக ஆன்லைனில் விற்கத் தொடங்கிய ஒரு தம்பி, காசு கொடுத்து பூஸ்ட் செய்த தன் பதிவின் விளம்பரக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார். "அண்ணே, ரோவாஸ் 3 வந்திருக்கு! பட்ஜெட்டை ஏத்திடட்டுமா?" விளம்பரத்துக்குப் போட்டதைப் போல 3 மடங்கு விற்பனை. மார்ஜின் எவ்வளவு என்று கேட்டேன். "பாதிக்குப் பாதி அண்ணே, 2 தாண்டினாலே லாபம்தானே?"

## கொள்முதல் விலையை மட்டும் கழிப்பது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஏனென்றால் திரை பச்சையாகத்தான் இருக்கும், பணம் மட்டும் கரைந்துகொண்டிருக்கும்.

விற்பனை விலை 1,000, கொள்முதல் 500 என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங் 40, கூரியர் 80, பேமென்ட் கட்டணம் 20. இவை போக மிஞ்சுவது 360. விலையை மிஞ்சுவதால் வகுத்தால் கிடைப்பதுதான் முதலுக்கு மோசமில்லாத ரோவாஸ். 1,000-ஐ 360-ஆல் வகுத்தால் சுமார் 2.8. தம்பி நினைத்த 2 இங்கேயே அடிபட்டுவிட்டது. விலைக்குள் வரி அடங்கியிருந்தால் அதையும் முதலில் கழிக்க வேண்டும்.

அப்புறம் ரிட்டர்ன். 10 ஆர்டரில் 2 திரும்பி வருகிறது, பொருள் சேதமில்லை என்றே கொள்வோம். போக வர கூரியர் 160, வீணான பேக்கிங் 40, ஆக ஒவ்வொன்றுக்கும் 200 நஷ்டம். நின்ற 8 ஆர்டரில் 2,880 கிடைக்கும், அதில் 400 போனால் 2,480. ஆனால் விளம்பரத் திரை 10 ஆர்டரையும் சேர்த்து 10,000 என்றுதான் காட்டும். ஆர்டர் விழுந்த அன்றே அது எண்ணிவிடுகிறது. பிறகு திரும்பி வந்ததைத் தானாகக் கழிப்பதில்லை. ஆகவே அந்தத் திரையில் பார்க்க வேண்டிய எண் 10,000 வகுத்தல் 2,480, அதாவது 4-க்குச் சற்று மேல்.

தம்பியின் 3-க்கு 10,000 விற்பனைக்கு விளம்பரச் செலவு 3,333. கையில் நின்றது 2,480. பட்ஜெட்டை ஏற்றியிருந்தால் நஷ்டமும் கூடவே ஏறியிருக்கும்.

ரிட்டர்ன் எண்ணிக்கையைத் தெரிந்தவர்களுக்கு விற்ற ஆர்டர்களிலிருந்து எடுக்காதீர்கள். விளம்பரம் பார்த்து வரும் புது ஆட்கள் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே திருப்பி அனுப்புவார்கள்.

## மார்க்கப்பை மார்ஜின் என்று நினைப்பது

மிஞ்சுவதை விற்பனை விலையால் வகுங்கள், கொள்முதல் விலையால் அல்ல. முன்னது மார்ஜின், பின்னது மார்க்கப்.

## லைக்குக்காக பூஸ்ட் செய்துவிட்டு ரோவாஸ் தேடுவது

கிடைக்காது.

## தள்ளுபடி கொடுத்துவிட்டுப் பழைய எண்ணையே வைத்திருப்பது

அதே பொருளுக்கு 10% தள்ளுபடி கொடுத்தால் விலை 900, மிஞ்சுவது ஏறத்தாழ 260. ரிட்டர்னையும் சேர்த்துப் பார்த்தால் தேவையான ரோவாஸ் 5-ஐத் தாண்டிவிடும். செலவுகள் அப்படியே நிற்க, தள்ளுபடி முழுவதும் மிஞ்சும் தொகையிலிருந்துதான் போகிறது. சலுகைப் பதிவை பூஸ்ட் செய்வதாக இருந்தால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.