மாதிரி வரிசையை முழுசாக நிரப்பாதீர்கள்

நூறு பில்களை ஒவ்வொன்றாக ஒரு மொழி மாடலிடம் கொடுத்து "பில் எண், தேதி, தொகை எடு" என்று மட்டும் சொன்னால், ஒன்றில் தேதி 03/04/2024 என்று வரும், அடுத்ததில் ஏப்ரல் 3 என்று வரும், மூன்றாவதில் தொகையோடு நாணயக் குறியும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு பில்லும் தனித்தனியாகப் போவதால், முந்தையதில் எப்படி எழுதினோம் என்பது மாடலுக்குத் தெரியாது. அதனால் எந்தெந்தப் புலம், எந்த வடிவம் என்பதை எழுதி, கூடவே ஒரு மாதிரி வரிசையும் வைக்கிறோம். பலரும் சறுக்குவது அந்த மாதிரி வரிசையில்தான்.

எல்லாப் புலத்தையும் நிரப்பி, பார்க்க நிஜம் போலவே ஒரு வரிசை கொடுப்போம். கெடு தேதியே இல்லாத பில் வந்தால் என்ன ஆகும்? காலியாக விடலாம் என்று எங்கேயும் காட்டவில்லையே, அதனால் மாடல் மாதிரியில் உள்ள தேதியையே எடுத்துப் போட்டுவிடலாம், இல்லை தானாக ஒன்றைக் கற்பிக்கலாம். இதில் மோசம் என்னவென்றால் பார்த்தால் சந்தேகமே வராது. நான் மாதிரியை இப்படி எழுதுவேன்:

```
{"bill_no": "00ZZ99",
 "bill_date": "1901-02-28",
 "bill_date_raw": "28/02/1901",
 "due_date": null,
 "total": 1250.5}
```

ஒரு புலத்தை வேண்டுமென்றே `null` ஆக விட்டிருக்கிறேன். பில் எண்ணும் தேதியும் நிஜத்தில் வரவே முடியாதவை, ஆகவே வேலை முடிந்ததும் `00ZZ99`, `1901` இரண்டையும் தேடினால் போதும், மாதிரி எங்கே கசிந்தது என்று உடனே தெரிந்துவிடும். `null` என்று மட்டும் காட்டினாலும் போதாது, "பில்லில் இல்லாவிட்டால் null, கோடோ வேறு சொல்லோ வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியும் வையுங்கள்.

பில் எண்ணுக்கு மேற்கோள் குறி இருப்பதைக் கவனித்தீர்களா? அதை எண் வகை என்று குறித்தால் 00417 என்பது 417 ஆகிவிடும், பிறகு மூல பில்லோடு பொருந்தாது.

அடுத்தது `bill_date_raw`. YYYY-MM-DD என்று கேட்டுவிட்டால் தேதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம், ஆனால் அது எப்படி எழுதுவது என்றுதான் சொல்கிறது, எப்படிப் படிப்பது என்று சொல்லவில்லை. 03/04/2024 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? மாடல் ஏதோ ஒன்றை முடிவு செய்து சுத்தமான வடிவத்தில் கொடுத்துவிடும், வடிவச் சோதனையிலும் தேறிவிடும். அச்சில் இருப்பதை அப்படியே இன்னொரு புலத்தில் வாங்கி வைத்தால், நாளும் மாதமும் 12க்குள் இருக்கும் வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்து, மூல பில்லைப் பார்த்துக் கையால் சரிசெய்யலாம். (இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் விட்டுவிடலாம், எப்படிப் படித்தாலும் அதே தேதிதான்.)