டென்னிஸ் பந்து ஏன் அவ்வளவு உயரம் போகிறது? நேர் மோதல் கணக்கில் சறுக்கும் இடங்கள்

கூடைப்பந்தின் உச்சியில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டுப் பாருங்கள். கூடைப்பந்து முழங்காலுக்குக் கீழேயே சோர்ந்து நின்றுவிடும். டென்னிஸ் பந்து விர்ரென்று தலைக்கு மேலே பறக்கும். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: “பெரிய பந்து தன் உந்தத்தை எல்லாம் சின்னதுக்குக் கொடுத்துடுது சார்.” கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு.

தப்பு என்பதை ஒரு வரிக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். கூடைப்பந்து 600 கிராம், டென்னிஸ் பந்து 58 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் விழுந்தால் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர். அந்த வேகத்தில் வரும் கூடைப்பந்து, சும்மா நிற்கும் டென்னிஸ் பந்துக்குத் தன் உந்தம் முழுவதையும் கொடுத்தால், அது வினாடிக்கு 45 மீட்டரில் பாய வேண்டும். அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 60 ஜூல். கூடைப்பந்திடம் இருந்ததோ 6 ஜூல்கூட இல்லை. மிச்சத்தை யார் கொடுத்தார்கள்? உந்தச் சமன்பாட்டை மட்டும் எழுதிவிட்டு ஆற்றலைச் சரிபார்க்காமல் விடுவதால் வரும் வினை இது. மீட்சி மோதலில் இரண்டும் மாறாமல் இருக்க வேண்டும்.

சரி, உண்மையில் என்ன நடக்கிறது? முதலில் தரையில் படுவது கூடைப்பந்து. அது திரும்பி 4.4 வேகத்தில் மேலே வரத் தொடங்கும்போது, டென்னிஸ் பந்து இன்னும் 4.4 வேகத்தில் கீழே வந்துகொண்டிருக்கிறது. இந்த இடத்தில்தான் குறி காலை வாரிவிடும். இரண்டும் ஒரே வேகம் என்பதால் 4.4-லிருந்து 4.4-ஐக் கழித்து ‘சார்புத் திசைவேகம் பூஜ்ஜியம்’ என்று எழுதிவிடுகிறார்கள். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்தால் ஒன்று +4.4, மற்றொன்று −4.4, அவை நெருங்கும் வேகம் 8.8.

இப்போது கூடைப்பந்தின் மேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருப்பதாக நினையுங்கள். அதன் கண்ணுக்கு டென்னிஸ் பந்து 8.8 வேகத்தில் வந்து, 8.8 வேகத்திலேயே திரும்பிப் போகும். மீட்சி மோதல் என்பதற்கு அர்த்தமே அதுதான்: நெருங்கிய வேகத்திலேயே விலக வேண்டும். ஆனால் எறும்பே மேலே போய்க்கொண்டிருக்கிறதே! தரையில் நிற்கும் நமக்கு அதன் வேகத்தையும் கூட்டித்தான் பந்தின் வேகம் தெரியும். எறும்பின் வேகம் மாறாமல் 4.4 ஆகவே இருந்தால் விடை 13.2, அதாவது மூன்று மடங்கு. உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஒன்பது மீட்டர்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மடங்கு என்பது உச்ச வரம்பு. கீழே இருக்கும் பந்து பல மடங்கு கனமாக இருந்தால்தான் அதை நெருங்க முடியும். நம் கூடைப்பந்து பத்து மடங்குதான் கனம், அதனால் மோதலில் அதன் வேகம் 2.9 ஆகக் குறைகிறது. எனவே டென்னிஸ் பந்தின் வேகம் 2.9 + 8.8 = 11.7. உயரம் ஏழு மீட்டர்.

‘சின்னப் பந்து மேல் அதிக விசை’ என்ற விளக்கத்தையும் இந்த எண்களே முறியடிக்கும். டென்னிஸ் பந்தின் திசைவேகம் −4.4-லிருந்து +11.7-க்கு, அதாவது 16 அளவு மாறியது. கூடைப்பந்தின் மாற்றம் ஒன்றரை அளவுதான். நிறையால் பெருக்கிப் பாருங்கள், இரண்டு உந்த மாற்றமும் ஒன்றே. விசை சமம், நிறை குறைந்ததால் வேகம் அதிகம் மாறுகிறது.

அப்புறம், செய்து பார்த்துவிட்டு “ஏழு மீட்டர் வரவே இல்லையே” என்பார்கள். வராது. போட்டி டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரைதான் எழ வேண்டும் என்பது விதி. விலகும் வேகம் நெருங்கும் வேகத்தில் முக்கால் பங்குதான் என்று அர்த்தம். கூடைப்பந்தும் தரையில் கொஞ்சம் இழக்கும்; ஐந்தில் ஒரு பங்கு வேகம் போகிறது என்று எடுத்துக்கொண்டால் உயரம் மூன்றரை மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. பந்து உச்சியிலிருந்து சற்று விலகி இருந்தால் மோதல் நேர் மோதலே இல்லை. பந்து பக்கவாட்டில் யார் முகத்துக்காவது போகும். முதல் நாலைந்து முயற்சி அப்படித்தான் வீணாகும்.

‘நிறை வித்தியாசம் இருந்தால் போதும்’ என்று நினைப்பவர்கள் பந்துகளை இடம் மாற்றிப் போடட்டும். கீழே டென்னிஸ், மேலே கூடைப்பந்து. அதே கணக்கில் முதல் மோதலுக்குப் பிறகு கூடைப்பந்தின் திசைவேகம் −2.9 என்று வரும். மேலே எழுவது இருக்கட்டும், அது இன்னும் கீழேதான் வந்துகொண்டிருக்கிறது.