மாதச் சம்பளம் இல்லாதவர்கள் லோன் கேட்கும்போது செய்யும் தவறுகள்

சில வருடங்கள் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் இருந்தேன். தையல், பிளம்பிங், டியூஷன், சமையல் ஆர்டர் என்று கைத்தொழில் செய்பவர்கள் நன்றாகச் சம்பாதித்தும் வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஏனென்றால் முக்கால்வாசிப் பேருக்கு வருமானம் இருந்தது, அது காகிதத்தில்தான் இல்லை.

முதல் தவறு, கையில் வந்த காசைக் கணக்கில் போடாமலே செலவழிப்பது. வீட்டில் துணி தைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் அவருக்கு வந்தது 42,000, 18,000, 25,000, 9,000, 38,000, 24,000. மொத்தம் 1,56,000, சராசரி மாதம் 26,000. ஆனால் கூலி வாங்கியதும் வாடகை, மளிகை, நூல், லைனிங் எல்லாவற்றுக்கும் ரொக்கமாகவே கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வங்கியில் போட்டதால், ஸ்டேட்மென்ட்டில் தெரிவது மாதம் 11,000தான். வங்கி அதைத்தான் நம்பும். அதனால் வாரம் ஒரு நாள் வைத்துக்கொண்டு வந்த ரொக்கம் முழுவதையும் கணக்கில் போடுங்கள், அப்புறம் வேண்டியதை எடுத்துச் செலவு செய்யுங்கள். அலைச்சல்தான், ஆனால் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் இப்படிப் போட்டு வந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டே உங்களுக்காகப் பேசும்.

இதைத் தெரிந்துகொண்ட சிலர் அடுத்த தவறைச் செய்வார்கள்: விண்ணப்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கி மொத்தமாக ஒரு தொகையைப் போடுவது. ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுகிறவர் கண்ணில் முதலில் படுவதே அதுதான். மாதக்கணக்கில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று வந்த கணக்கில் திடீரென்று ஒரு லட்சம் வந்து, பத்து நாளில் அதே தொகை வெளியே போயிருந்தால் அதை வருமானத்தில் சேர்க்க மாட்டார்கள், மற்ற வரவுகளையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்கள். நிஜமாகவே பழைய பாக்கி மொத்தமாக வசூலானால், யார் கொடுத்தது, எந்த வேலைக்கு என்று காட்டும் ரசீதை எடுத்து வையுங்கள்.

வருமானம் எவ்வளவு என்ற கட்டத்தில் நல்ல மாதத்தை எழுதுவதும் சகஜம். அந்தப் பெண் 40,000 என்று எழுதினால் பொய் என்றே எடுத்துக்கொள்வார்கள், அவர் மனதில் அது பொய் இல்லை என்றாலும். எழுத வேண்டியது சராசரியும் இல்லை, சராசரியிலிருந்து தொழில் செலவைக் கழித்த தொகை. நூல், லைனிங், மெஷின் பழுது எல்லாம் மாதம் 6,000 என்றால் கையில் நிற்பது 20,000. எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வங்கி வைத்திருப்பதாகக் கொள்வோம் (இது வங்கிக்கு வங்கி மாறும்). அப்படியானால் 8,000. ஏற்கெனவே 3,000 தவணை கட்டுகிறார், ஆக புதுக் கடனுக்கு மாதம் 5,000 வரை இடம் இருக்கிறது. இதையே ஸ்டேட்மென்ட்டில் தெரியும் 11,000க்குப் போட்டுப் பாருங்கள்: 4,400, அதில் 3,000 போனால் மிஞ்சுவது 1,400. அதே உழைப்புதான், கணக்கில் போட்டதற்கும் போடாததற்கும் இவ்வளவு வித்தியாசம். சில வங்கிகள் மோசமான மாதத்துக்கு அதிக கவனம் கொடுக்கும், அதனால் அந்த 9,000 ஏன் வந்தது என்பதற்கும் ஒரு வரி பதில் தயாராக இருக்கட்டும்.

கணக்கு நோட்டு விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரே ராத்திரியில் எழுதிய நோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஒரு வருடக் கணக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், எல்லாம் முழுத் தொகை, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நடந்த கணக்கில் 1,350 இருக்கும், பாதி பாக்கி என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும். தேதி, யாருக்கு, என்ன வேலை, எவ்வளவு, ரொக்கமா கணக்கிலா, ரசீது எண், இவ்வளவு போதும். கார்பன் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி அசலைக் கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாதங்களுக்கு ரசீது இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள், இப்போது உட்கார்ந்து போலியாக எழுதினால் அது மோசடி.

வரிக் கணக்கு தாக்கல் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வரியை மிச்சம் பிடிக்க அங்கே குறைத்துக் காட்டிவிட்டு இங்கே கூட்டி எழுதினால், வங்கி பெரும்பாலும் குறைந்த தொகையைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஒரு இடத்தில் மறுத்தால் அந்த வாரமே நாலு வங்கியில் போய் நிற்காதீர்கள். விண்ணப்பம் ஒவ்வொன்றும் கடன் வரலாற்றில் விசாரணையாகப் பதிவாகும், அடுத்தவர் அதையும் பார்ப்பார். மறுத்த காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். கிரெடிட் கார்டுதான் வேண்டும், வருமானச் சான்று இன்னும் தேறவில்லை என்றால், ஒரு டெபாசிட்டைப் பிணையாக வைத்துக் கார்டு கொடுக்கும் வங்கி உண்டா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் டெபாசிட் தொகையை ஒட்டியே வரம்பு தருவார்கள். ஆனால் அந்தக் கார்டின் பாக்கி கடன் வரலாற்றில் பதிவாகிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள், பதிவாகாவிட்டால் நீங்கள் ஒழுங்காகக் கட்டுவது அடுத்த வங்கிக்குத் தெரியவே தெரியாது.