வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன்: காப்பீடு, விடுப்பு, பி.எஃப். பற்றிக் கேட்கும் முறை

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இருக்கும் என் சித்தப்பா மகளுக்குச் சென்ற ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது. ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். அவளுக்கு இதுதான் முதல் வேலை. அப்போது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்ததால், விசைப்படகில் போகும் சித்தப்பா வீட்டில் இருந்தார். அவருக்குக் குடலிறக்கம், "தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியே இரண்டு ஆண்டுகளாக அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டிருந்தார். தங்கையோ அன்று இரவே சம்மத மின்னஞ்சலை அனுப்பத் தயாராக இருந்தாள். நான் சில ஆண்டுகள் மனிதவளத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால், ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். அந்த ஒரு நாளிலும் அடுத்த சில நாட்களிலும் நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: மாதக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

4,20,000-ஐ 12-ஆல் வகுத்தால் 35,000 வருகிறது. அது கைக்கு வரும் தொகை அன்று. நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, அதாவது சி.டி.சி. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருந்த இணைப்பில் அடிப்படைச் சம்பளம் 17,500 என்றும், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,800, பணிக்கொடை 842, காப்பீட்டுப் பிரீமியம் 500 என்றும் போட்டிருந்தார்கள். இந்த மூன்றையும் கழித்தால் 31,858. அதிலிருந்து தங்கையின் பி.எஃப். பங்கு 1,800 போனால் 30,058. தொழில் வரி தனி. இந்த இணைப்பை அனுப்பாத நிறுவனமும் உண்டு. அப்படியானால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

படி 2: பி.எஃப். பற்றி இரண்டு கேள்விகள்

பி.எஃப்.பில் ஊழியரும் நிறுவனமும் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் தலா 12 விழுக்காடு செலுத்த வேண்டும். ஆனால் 2014 செப்டம்பர் முதல் சட்டப்படியான ஊதிய வரம்பு 15,000 ரூபாய் என்று இருப்பதால், பல நிறுவனங்கள் அந்த வரம்புக்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்கின்றன. முழு 17,500-க்கும் கணக்கிட்டால் 2,100 வரும். ஆகவே முதல் கேள்வி: "கணக்கிடுவது முழு அடிப்படைச் சம்பளத்துக்கா, 15,000-க்கு மட்டுமா?"

இரண்டாவது கேள்வி, முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்து, இதற்கு முன் பி.எஃப். கணக்கே இல்லாதவருக்குத் திட்டத்தில் சேர்வது கட்டாயமில்லை. "பி.எஃப். வேண்டாம் என்றால் கைக்கு அதிகம் வரும்" என்று சில ரெக்ரூட்டர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால், விலகினால் நிறுவனத்தின் 1,800 ரூபாய் சம்பளத்தோடு சேருமா, காணாமல் போகுமா என்று கேளுங்கள். சேராது என்றால் அது வெறும் சம்பளக் குறைப்பு. சேரும் என்றாலும் நான் விலகச் சொல்ல மாட்டேன். 22 வயதில் கையில் வரும் 3,600 ரூபாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

படி 3: காப்பீட்டில் ஆழமாக இறங்குங்கள்

"மூன்று லட்சத்துக்குக் காப்பீடு உண்டு" என்று ரெக்ரூட்டர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். இந்த ஒரு வரியை நம்பி மருத்துவமனைக்குப் போனவர்கள்தான் பில் வரும்போது திகைக்கிறார்கள். மூன்று லட்சம் என்பது உச்ச வரம்பு. அதற்குள் எவ்வளவு கிடைக்கும் என்பதை வேறு நிபந்தனைகள் தீர்மானிக்கின்றன.

அவற்றில் பெரியது அறை வாடகை வரம்பு. பல குழுக் காப்பீடுகளில் நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு, அதாவது இங்கே 3,000 ரூபாய். 4,500 ரூபாய் அறையில் நான்கு நாள் படுத்தால் கூடுதல் வாடகை மட்டும்தான் நம் தலையில் விழும் என்று நினைப்போம். அப்படியில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில், மூன்றில் இரண்டு பங்காக வெட்டப்படலாம். மருந்துக்கு அந்த வெட்டு கிடையாது.

ஒரு பில்லை வைத்துப் பாருங்கள். வாடகை 18,000, மருத்துவர் மற்றும் அரங்கக் கட்டணம் 60,000, மருந்து 30,000, மொத்தம் 1,08,000. வெட்டுக்குப் பின் 12,000, 40,000, 30,000 ஆகி 82,000 நிற்கும். பெற்றோருக்கு 20 விழுக்காடு கோ-பே, அதாவது நாமே ஏற்க வேண்டிய பங்கு, இருந்தால் இதில் 16,400 மீண்டும் போகும். காப்பீடு தருவது 65,600. நாம் கட்டுவது 42,400. அதே சிகிச்சையை 3,000 ரூபாய் அறையில் எடுத்து, மற்றக் கட்டணங்கள் மாறாமல் இருந்தால், நாம் கட்டுவது 20,400 மட்டும்.

மற்றவை பெற்றோர் தொடர்பானவை: அவர்களைச் சேர்க்கலாமா, பிரீமியம் யார் கட்டுவது, எத்தனை நாளுக்குள் பெயர் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளிலிருந்தே காப்பு உண்டா. பெயர் கொடுக்கும் காலக்கெடுவைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் கேட்டு வாங்கி, ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைப் பட்டியலில் இராமநாதபுரம் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். மதுரை மட்டும்தான் என்றால், நோயாளியோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் அங்கே தங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

(மொத்த மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பொருந்தலாம். அதன் கணக்கே வேறு.)

படி 4: விடுப்பு

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஈட்டிய விடுப்பு 12 நாள் என்பது ஓராண்டு தொடர் பணிக்குப் பிறகுதான் வரும். ஆகையால் புதியவர் கேட்க வேண்டியது ஆண்டுக்கு எத்தனை நாள் என்பதை அன்று. தகுதிகாண் காலத்தில் எத்தனை நாள், அதற்கு மேல் எடுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை. தங்கையின் சம்பளத்தை 30-ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 1,062 ரூபாய்.

படி 5: எழுத்தில் கேளுங்கள்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு, சம்மதம் அனுப்பும் முன், மின்னஞ்சலில் கேளுங்கள். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

> வணக்கம் மேடம். ஆஃபர் லெட்டர் கிடைத்தது, மிக்க நன்றி. கையொப்பமிடும் முன் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. பி.எஃப். கணக்கிடப்படுவது முழு அடிப்படைச் சம்பளத்துக்கா, 15,000-க்கா? காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா? அறை வாடகை வரம்பு, கோ-பே, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் ஆகியவை அடங்கிய பாலிசிச் சுருக்கத்தை அனுப்ப இயலுமா? தகுதிகாண் காலத்தில் எத்தனை நாள் விடுப்பு எடுக்கலாம்? வியாழக்கிழமைக்குள் என் முடிவைத் தெரிவிக்கிறேன்.

தந்தையின் நோயை இதில் எழுத வேண்டியதில்லை. முடிவு சொல்லும் நாளைக் குறிப்பிட்டால், நழுவப் பார்க்கிறார் என்ற எண்ணம் எதிர்த்தரப்புக்கு வராது.

பி.எஃப்., விடுப்பு இரண்டுக்கும் மறுநாளே பதில் வந்தது: 15,000-க்கு மட்டும், தகுதிகாண் காலத்தில் மாதம் ஒரு நாள். காப்பீட்டுக்கு "எல்லாம் அடங்கும்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இது பதிலாகாது. பெரும்பாலும் ரெக்ரூட்டருக்கே அந்த விவரம் தெரிந்திருக்காது. அதனால் அவரை நெருக்காமல், ஹெச்.ஆரில் காப்பீட்டைக் கவனிப்பவரிடம் சுருக்கத்தைப் பெற்றுத் தருமாறு கேட்டாள். புதன்கிழமை இரண்டு பக்கத் தாள் வந்தது. அறை வரம்பு 3,000. கோ-பே 20 விழுக்காடு. பெற்றோர் பிரீமியம் மாதம் 800 ரூபாய், தங்கையின் சம்பளத்திலிருந்து. பணியில் சேர்ந்த 30 நாளுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பழைய நோய்க்குக் காத்திருப்பு இல்லை.

தடைக்காலம் ஜூன் 14 வரை. ஜூன் நடுவில் சேர்வதாக இருந்தவள், மே 4-ஆம் தேதியே சேர அனுமதி கேட்டுச் சம்மதம் அனுப்பினாள். சேர்ந்த அன்றே பெற்றோர் பெயரைக் கொடுத்தாள். காப்பீட்டு அட்டை 22-ஆம் தேதி வந்தது. ஜூன் முதல் வாரத்தில் இராமநாதபுரத்திலேயே, 2,800 ரூபாய் அறையில் அறுவை சிகிச்சை முடிந்தது. அவளுக்கு ஐந்து நாள் சம்பளப் பிடித்தம், 5,310 ரூபாய்.